நீல மைக்கும் ஏழு நிமிடமும்

கேள்வி: நண்பருக்கு ஏழு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பினேன். "கேட்டேன், சூப்பர்" என்று பதில் போட்டார். ஆனால் மைக் இன்னும் நீலமாகவில்லை! போதாததற்கு நீள வாய்ஸ் நோட்டைக் கிண்டல் செய்து ஆளாளுக்கு ஜோக் போடுகிறார்கள். மனிதக் குரலுக்கு மரியாதையே போய்விட்டதா சார்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: மரியாதையை அப்புறம் பார்ப்போம். அந்த நீலத்தை முதலில் பேசுவோம், எனக்கு அதில்தான் ருசி.

வாட்ஸ்அப்பில், எழுதி அனுப்பியதைப் படித்தோம் என்று காட்டும் நீல டிக்கை நாம் நினைத்தால் அணைத்துவைக்கலாம். வாய்ஸ் நோட்டைக் கேட்டோம் என்று காட்டும் நீல மைக்கை அணைக்க வழியே இல்லை. வழி இல்லாத இடத்தில் ஜனங்கள் சந்து கண்டுபிடிப்பார்கள். வந்த வாய்ஸ் நோட்டைத் தனக்குத்தானே ஃபார்வேர்ட் செய்துகொண்டு, அங்கே போட்டுக் கேட்கிறார்கள். அனுப்பியவர் பக்கத்தில் மைக் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். ஆக, உங்கள் நண்பர் உண்மையிலேயே கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருக்கலாம். நீலமாகியிருந்தால் மட்டும் என்ன? ப்ளேயைத் தட்டிவிட்டு, ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனவரின் மைக்கும் நீலம்தான். குரூப்பில் இன்னும் விசேஷம்: அத்தனை பேரும் போட்டுக் கேட்டால்தான் அங்கே நீலம் வரும். ஒரே ஒருவர் அசையவில்லை என்றாலும் அனுப்பியவருக்குச் சாம்பல்தான். இதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நட்பை விசாரிக்காதீர்கள்.

இனி ஜோக். எனக்குப் பிடித்தது இது. ஒருவருக்கு ஒன்பது நிமிட வாய்ஸ் நோட் வருகிறது. பார்த்ததும் அடிவயிறு கலங்குகிறது. யாருக்கு என்ன ஆச்சோ என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறார். ஐந்தாவது நிமிடத்தில் "சரி, இப்போ விஷயத்துக்கு வரேன்" என்று குரல் சொல்கிறது. எட்டாவதில் "அதை விடு, அது வேற கதை." முழுசாக முடித்து நிமிர்ந்தால் கீழே இன்னொன்று, மூன்றே விநாடி: "மேல இருக்கறதைக் கேக்காதே, பிரச்சனை முடிஞ்சிடுச்சு." இதற்கு ஒட்டு ஜோக்கும் உண்டு. தொடக்கத்தில் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பவர் அவர். நான் இதை ஜோக் என்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இது அன்றாடம்.

ஏன் பயப்படுகிறார்கள்? சோம்பல் என்று நீங்கள் சொல்வீர்கள். கணக்குதான் காரணம். தட்டச்சு செய்வதைவிடப் பேசுவது வேகம், அதனால் அனுப்புகிறவருக்கு லாபம். ஆனால் காதால் கேட்பதைவிடக் கண்ணால் படிப்பது வேகம், அதனால் வாங்குகிறவருக்கு நஷ்டம். அதோடு, எழுத்தில் கண் நேரே தேதியிலோ பெயரிலோ போய் விழும். வாய்ஸ் நோட்டில் விஷயம் எந்த விநாடியில் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? திரையில் ஏறி இறங்கும் அந்தக் குச்சிக் கோடுகள் சத்தத்தை மட்டும்தான் காட்டும். உயரமான குச்சி என்று ஆவலாய் அங்கே போய் நிறுத்தினால் இருமல். முக்கியமானதை நாம் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தானே சொல்கிறோம்! அது குட்டைக் குச்சிகளில் கிடக்கும். 2021இல் வேகத்தை இரட்டிப்பாக்கும் வசதி வந்தது. ஏழு நிமிடம் மூன்றரை ஆயிற்று, வாஸ்தவம். ஆனால் அன்பாகப் பேசுகிறவரும் அதில் சண்டைக்கு வந்தவர் மாதிரி கேட்கிறார்.

சரி, ஏன் ஏழு நிமிடம் ஆகிறது? நேரில் இரண்டு நிமிடத்தில் முடிக்கும் மனிதர்தானே நீங்களும்? எதிரே "ம்" கொட்ட ஆள் இல்லை, அதுதான் சங்கதி. கதை சொல்கிறவருக்கு "ம்" என்பது பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம். கேட்பவர் "ம்" என்றால் புரிந்துவிட்டது, அடுத்ததற்குப் போகலாம். "ஐயோ" என்றால் அங்கே கொஞ்சம் நிற்கலாம். "சரி சரி" என்றால் முடித்துக்கொள்ளலாம்.

கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பேவலஸ் என்பவரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். மயிரிழையில் தப்பித்த அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை: கதையில் 't' எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். எண்ணுகிறவர் முகத்தில் என்ன பாவம் வரும்? ஒன்றும் வராது. அப்படிப்பட்டவரிடம் சொன்னவர்கள் கதையைச் சரியாகவே சொல்லவில்லை. அதிலும் முடிவில்தான் பெரிய சொதப்பல். ஒன்று, பொசுக்கென்று முடித்தார்கள். இல்லையென்றால் முடித்ததையே சுற்றிச் சுற்றி வந்து, இது ஏன் ஆபத்தான சம்பவம் என்று நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே முகம் இருந்தே இந்தக் கதி. ஃபோனைப் பிடித்துக்கொண்டு தனியே நடந்தபடி பேசுகிறவருக்கு யார் முகம்? புரிந்ததோ இல்லையோ என்று அதையே மூன்று முறை சொல்வார். முடிக்கத் தெரியாது. "அவ்வளவுதான்... அப்புறம்... வேற என்ன..." என்று யோசிக்கும் நேரமும் பதிவாகிறது.

எங்களுக்கு எழுதுகிற ஒருவர் இருக்கிறார். பழைய வாசகர்கள் ஊகித்துவிடுவீர்கள்: 'சுருக்கமாகச் சொன்னால்' என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதுவார், நான் ஒன்றரையாக வெட்டுவேன், அவர் என்னைக் கசாப்புக்காரன் என்பார். இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்திருக்கிறார். அவரது அண்மைய வாய்ஸ் நோட் எட்டு நிமிடம். முதல் ஒரு நிமிடம் மழை. மூன்றாவது நிமிடம் வரை என் உடல்நலம் குறித்து எனக்கே தெரியாத செய்திகள். அப்புறம் ஒரு நாய் குரைக்க, அதை அதட்டுகிறார். ஐந்தாவது நிமிடம் முன்பு நான் வெட்டிய பத்தியைப் பற்றி. கடைசி நிமிடத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லிய குரலில்: கட்டுரை வெள்ளிக்கிழமை வராது, திங்கள்கிழமை வரும். இதில் எனக்கு வேண்டியது ஒரு வரி. பக்கத்தை மூடும் நாளன்று இந்த ஒரு வரிக்காகத்தான் நாயோடு சேர்ந்து நானும் குரைத்துக்கொண்டிருந்தேன்.

மேடைப் பேச்சாளர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்புவது உங்களுக்கு அலுத்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், 'நேரம் கருதி இரண்டே வார்த்தை' என்கிறவரிடம்கூட ஒரு நல்ல குணம் உண்டு. கூட்டம் நாற்காலியை இழுக்கிற சத்தம் அவர் காதில் விழும். துண்டுச் சீட்டு போகும். வாய்ஸ் நோட்டுக்குத் துண்டுச் சீட்டு அனுப்ப முடியாது. அந்தத் துண்டுச் சீட்டு போக முடியாத கோபம்தான் ஜோக்காகச் சுற்றுகிறது என்று நினைக்கிறேன்.

குரலுக்கு மரியாதை இல்லையா என்றீர்கள். இருக்கிறது. பிறந்த குழந்தையின் அழுகையை நாற்பது விநாடி அனுப்புங்கள், ஊரே இரட்டை வேகம் வைக்காமல் கேட்கும். உங்கள் ஏழு நிமிடத்தையும் அனுப்புங்கள், தடையில்லை. அதற்கு முன்னால் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "ஞாயிறு நாலு மணிக்கு வருகிறேன். மீதி எல்லாம் கதை, நேரம் இருக்கும்போது கேள்." அவசரக்காரருக்கு வரி, ஆசைக்காரருக்குக் குரல். பதிவை விரலெடுக்காமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. இடையில் நிறுத்திவைத்துத் தொடரலாம், அனுப்பும் முன் போட்டுக் கேட்கலாம். உங்கள் ஏழு நிமிடத்தை நீங்களே ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். பாதியில் விரல் 2x பக்கம் போனால் நண்பரை மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கேள்வியே எங்களுக்கு வாய்ஸ் நோட்டாகத்தான் வந்தது. மேலே அச்சாகியிருப்பது அதன் கடைசி இருபது விநாடி.