கடையில் ஆள் இல்லாத நேரத்து டிரேடுகள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். குறுவைக்குத் தண்ணீர் திறக்கும்வரை கடையில் வேலை குறைவு. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனில் இன்ட்ராடே செய்கிறேன். காலையில் ஒன்றிரண்டு சரியாக வருகிறது. மதியத்துக்குள் ஏழெட்டு ஆகி, வந்ததெல்லாம் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வைத்துக்கொண்டால் சரியாகுமா? எத்தனை வைப்பது?

பதில்: இரண்டு வைத்துத் தொடங்குங்கள். காரணம் செலவுக் கணக்கில் இருக்கிறது.

ஒரு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றே விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் தரகரிடம் புரோக்கரேஜ் 40 ரூபாய். விற்கும்போது எஸ்.டி.டி. 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத்தாள் வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து இன்னும் 17 ரூபாய். ஆக ஒரு டிரேடுக்கு 82 ரூபாய், எட்டு டிரேடுக்கு 650-க்கு மேல். லாபமோ நஷ்டமோ, இது போயே தீரும்.

இதைவிடப் பெரிய சேதம் நேரத்தால் வருகிறது. பொதுவாகச் சந்தை திறந்த முதல் ஒரு மணி நேரத்திலும் மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும்தான் வர்த்தகம் அதிகம். 11.30-லிருந்து 1.30 வரை அது வற்றிவிடும், விலை ஓடும் தூரமும் சுருங்கிவிடும். காலையில் 300 ரூபாய் ஸ்டாப்லாஸுக்கு 600 ரூபாய் இலக்கு வைக்க இடமிருக்கும். செலவு போக வென்றால் 518 கிடைக்கும், தோற்றால் 382 போகும். நூற்றில் 43 வென்றாலே கைமுதல் நிற்கும். மதியம் அதே 300-க்கு 300-தான் கிடைக்கும் என்றால் வெற்றி 218, தோல்வி அதே 382. இப்போது நூற்றில் 64 வெல்ல வேண்டும். உங்கள் திறமை காலையில் இருந்ததுதான். அது ஈடுகட்ட வேண்டிய அளவு கூடிவிட்டது. பொழுது போகாமல் எடுக்கும் டிரேடுகள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் விழுகின்றன.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500-க்கு மேல் டிரேடு செய்தவர்களில் அது 80 சதவீதம். தினம் இரண்டு என்றாலே ஆண்டுக்கு 500-ஐ நெருங்கிவிடும். அதனால் இரண்டு என்பது தாண்டக்கூடாத எல்லை மட்டுமே. தினமும் நிரப்ப வேண்டிய கோட்டா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றுமே எடுக்காத நாளும் ஒழுங்காக முடிந்த நாள்தான்.

உங்களுக்கே உரிய எண்ணைக் கண்டுபிடிக்க, தரகர் தளத்திலிருந்து கடந்த மூன்று மாத டிரேடுபுக்கை இறக்கி எக்ஸெலில் திறங்கள். வாங்கியதையும் விற்றதையும் ஜோடி சேர்த்து ஒரே டிரேடாக்கி, ஒவ்வொரு நாளின் டிரேடுகளுக்கும் நேர வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஒவ்வொன்றின் லாப நஷ்டத்திலிருந்தும் செலவைக் கழியுங்கள். பிறகு எல்லா முதல் டிரேடுகளின் கூட்டுத்தொகை, எல்லா இரண்டாம் டிரேடுகளின் கூட்டுத்தொகை என்று தனித்தனியே போடுங்கள். எந்த எண்ணிலிருந்து கூட்டுத்தொகை மைனஸுக்குப் போகிறதோ அதற்கு முந்தைய எண்தான் உங்கள் எல்லை. ஒன்றிலேயே நின்றால் ஒன்றுதான்.

எல்லையை மனதில் மட்டும் வைத்தால் நிற்காது. 9.15-க்கு முன்பே இரண்டு பங்குகள், நுழையும் விலை, ஸ்டாப்லாஸ், இலக்கு நான்கையும் கடை நோட்டில் எழுதுங்கள். இலக்கு, ஸ்டாப்லாஸைப்போல் இரண்டு மடங்கு தூரம் இல்லையென்றால் அந்தப் பங்கை நோட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். நுழையும் விலைக்கு அலர்ட் வைத்துவிட்டு ஆப்பை மூடுங்கள். அலர்ட் அடித்தால் மட்டும் திறங்கள்; நுழைந்ததும் ஸ்டாப்லாஸ் ஆர்டரையும் போட்டுவிடுங்கள். இரண்டாவது டிரேடு முடிந்தவுடன் உங்கள் தரகரிடம் டிரேடிங்கையே தற்காலிகமாக முடக்கும் கில் ஸ்விட்ச் வசதி இருந்தால் அழுத்திவிடுங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து விதைநெல்லுக்கும் டி.ஏ.பி. உரத்துக்கும் கூட்டம் வரும் நாட்களில் எல்லை பூஜ்யம்தான். பில் போட்டுக்கொண்டே ஸ்டாப்லாஸைக் கவனிக்க முடியாது.

எல்லை வைத்தவர்கள் வழக்கமாக மூன்று இடங்களில் நழுவுகிறார்கள். ஸ்டாப்லாஸ் அடித்த பங்கிலேயே மறுபடி நுழைந்து, ‘இது பழைய டிரேடுதான்’ என்பது ஒன்று; மறுநுழைவு புதிய டிரேடுதான். இரண்டுதானே என்று அளவை இரட்டிப்பாக்குவது இன்னொன்று. முதல் மாதம் முழுக்க அளவை மாற்றவே கூடாது. மூன்றாவதுதான் மோசம்: பங்கில் எல்லை முடிந்ததும் ஆப்ஷனுக்குத் தாவுவது. எல்லா செக்மென்ட்டுக்கும் சேர்த்தே இரண்டு.

எக்ஸெல் கணக்கில் முதல் டிரேடுகளின் கூட்டுத்தொகையே மைனஸில் இருந்தால், எண்ணிக்கையைக் குறைப்பதால் நஷ்டம் மெதுவாகுமே தவிர நிற்காது. அப்போது கோளாறு நுழையும் முறையில் இருக்கிறது. பணம் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த முறையை அதே நோட்டில் எழுதி மட்டும் பார்த்து, 50 டிரேடுகள் சேர்ந்தபின் மறுபடி கூட்டுங்கள்.