ஆட்சேப மனு போய்ச் சேர்ந்தது என்பதற்கு எது சாட்சி?

கேள்வி: அப்பா பெயரில் இருக்கும் நிலத்துக்குச் சித்தப்பா மகன் பட்டா மாற்றம் கேட்டிருக்கிறார். ஆட்சேபம் இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஆறு நாள் போய்விட்டது. பதிவுத் தபாலில் அனுப்பினால் போதுமா? மெயில் செல்லுமா? நேரில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு "சரி, போங்க" என்கிறார்கள். பிறகு வரவே இல்லை என்றால் என்ன செய்வது?
*வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்*

பதில்: ஒன்பது நாள் இருப்பதால் முதலில் நேரில் கொடுங்கள், அன்றைக்கே தபாலிலும் அனுப்புங்கள். மெயில் மூன்றாவதுதான். கெடு வைத்த அறிவிப்புக்கு மனு அலுவலகத்துக்குள் எப்போது வந்தது என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. நீங்கள் தபாலில் சேர்த்த தேதியை வைத்து வாதாட வேண்டிய நிலைமையை ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? அந்த அறிவிப்பு வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள். 15 நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்ற பேச்சு வந்தால், அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் பேசும்.

நேரில் கொடுக்கும் மனு இரண்டு படிகளாக இருக்கட்டும். முதல் பக்கத்தில் அறிவிப்பின் ந.க. எண், அதன் தேதி, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். இணைப்புகளை (வாரிசுச் சான்று, பத்திர நகல், பழைய பட்டா) கடைசியில் வரிசையாக எழுதி, எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். அதோடு முதல் பக்கத்தின் மேலேயே "இணைப்புகள் உள்பட மொத்தம் 9 தாள்கள்" என்று எழுதிவிடுங்கள். முத்திரை முதல் பக்கத்தில் மட்டும்தான் விழும். தாள்களின் எண்ணிக்கை அந்தப் பக்கத்திலேயே இருந்தால், "வெறும் மனு மட்டும்தான் வந்தது, பத்திர நகல் இல்லை" என்று பின்னால் சொல்ல முடியாது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் தபால் பிரிவு என்று ஒரு மேசை இருக்கும். அங்கேதான் கொடுக்க வேண்டும். ஊரில் கிராம நிர்வாக அலுவலரோ சர்வேயரோ "கொடுங்க, நான் சேர்த்துடுறேன்" என்றால், அது அவர்கள் உதவியே தவிர, அலுவலகம் பெற்றுக்கொண்டதாக ஆகாது. உங்கள் படியில் அலுவலக முத்திரை, தேதி, வாங்கியவர் கையொப்பம், வரவுப் பதிவேட்டில் ஏறிய எண் ஆகிய நான்கும் வேண்டும். முத்திரை மட்டும் குத்தித் தேதி போடாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. கெடுவுள்ள மனுவில் தேதி இல்லாத முத்திரைக்குப் பாதி மதிப்புதான். அங்கேயே நின்று பார்த்து, "தேதியும் போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்குங்கள். எண் உடனே கிடைக்காவிட்டால் மறுநாள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மற்ற மூன்றும் இல்லாமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே அஞ்சலகத்துக்குப் போய், மனுவின் மேல் ஒரு தாளில் "இன்று காலை 11 மணிக்குத் தபால் பிரிவில் நேரில் அளித்தேன், ஒப்புகை தரப்படாததால் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதி வைத்து அனுப்புங்கள். அன்றே எழுதி அன்றே அனுப்பிய தாள், ஆறு மாதம் கழித்துச் சொல்லும் வாய்மொழியைவிட எவ்வளவோ வலுவானது.

இப்போது தபால். பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் "ஸ்பீட் போஸ்ட்" என்று மட்டும் சொன்னால் பதிவு சேராது. "பதிவோடு வேண்டும், பட்டுவாடாச் சான்றும் வேண்டும்" என்று தனியாகக் கேளுங்கள். பதிவுக்குக் கூடுதல் கட்டணம் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அந்தச் சின்னத் தொகையில் ஒரு பெரிய காரியம் இருக்கிறது. சரியான முகவரி எழுதி, முழுக் கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் சேர்த்த கடிதம் வழக்கமான நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம், இல்லையென்று நிரூபிப்பது மறுப்பவர் வேலை என்பது 1897-ம் ஆண்டுப் பொது ஷரத்துகள் சட்டத்தின் 27-வது பிரிவு. தனியார் கூரியரை அந்தப் பிரிவு சொல்லவில்லை.

பதிவு செய்த தபால் பெறுநர் கையில்தான் பட்டுவாடா ஆகும். அதனால் உறையில் அதிகாரியின் பெயரை எழுதாதீர்கள். அவர் மாறுதலாகிப் போயிருந்தால் தபால் திரும்பி வரும். "வட்டாட்சியர் அவர்கள், வட்டாட்சியர் அலுவலகம்" என்று பதவியை மட்டும் எழுதி, ஊரும் பின்கோடும் போடுங்கள். ஓடிபி பட்டுவாடா என்றொரு வசதியும் உண்டு. அலுவலகத்துக்கு அது வேண்டாம், யார் கைப்பேசிக்கு எண் போகும் என்பதே தெரியாது.

தபால் ரசீது ஓர் உறை போனதைத்தான் காட்டும், உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டாது. உறையின் இடது மூலையில் "ந.க. எண் … அறிவிப்புக்கு ஆட்சேப மனு, 9 தாள்கள்" என்று எழுதி, ஒட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். அந்த ரசீது வெப்பத்தாளில் அச்சானதாக இருந்தால் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். இணையதளத்தில் Item Delivered என்று வந்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். விவரம் அங்கே என்றைக்கும் கிடக்காது.

மெயிலில் சிக்கல் வேறு விதம். உங்கள் 'அனுப்பியவை' பெட்டி அனுப்பியதற்குத்தான் சாட்சி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 13-வது பிரிவுப்படி, பெறுபவர் குறிப்பிட்டுக் கொடுத்த முகவரிக்கு அனுப்பினால் அது அந்தக் கணினிக்குள் நுழைந்ததுமே பெறப்பட்டதாகிறது. குறிப்பிடாத வேறு முகவரிக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்க்கும்போதுதான் பெறப்பட்டதாகும். எனவே அறிவிப்புத் தாளிலேயே மெயில் முகவரி அச்சிட்டிருந்தால் அதற்கு அனுப்புங்கள்; எங்கோ தேடி எடுத்த முகவரியை நம்பிக் கெடுவைத் தவறவிடாதீர்கள். முத்திரையிட்ட படியை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக இணைத்து, தலைப்பில் ந.க. எண்ணைப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து, Delivery Status Notification (Failure) என்று திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி Download message கொடுத்து அந்தக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். மெயில் கடந்து வந்த தடம் அதில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்காது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அங்கே எண் தருவார்கள்தான், ஆனால் அது வட்டாட்சியர் மேசைக்கு வரும் நாள் உங்கள் கையில் இல்லை. கெடு உள்ள மனுவை அங்கே மட்டும் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு "வரவில்லை" என்றால், அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும். "இந்தத் தேதிக்குரிய வரவுப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், இந்தத் தபால் எண்ணில் வந்த கடிதம் யாரிடம் எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்ற பதிவின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.