கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்? கேள்வி பதில்

கேள்வி (ஈசூன் வாசகி): என் கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பில், "விரோதி வருஷம் தை 18, புதன். நாகையில் கப்பல் ஏறினேன். தைப்பூசம் கப்பலிலேயே கழிந்தது" என்று இருக்கிறது. விரோதி என்றால் 1889 என்கிறார்கள். 1889 ஜனவரி, பிப்ரவரி செய்தித்தாள்களில் அவர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே தேடுவது ஐயா?

பதில்: முதலில் ஆண்டைச் சரிசெய்துகொள்வோம் அம்மா. விரோதி பிறந்தது 1889 ஏப்ரலில். அந்த வருஷத்தின் தை, மாசி, பங்குனி மூன்றும் 1890இல் வருகின்றன. 1889 ஜனவரியில் நடந்துகொண்டிருந்தது சர்வதாரி. சித்திரையிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை ஆங்கில ஆண்டு அப்படியே பொருந்திவிடுவதால், தைக்கும் அதே ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். நாகையிலிருந்து வந்தவர்களின் வரலாற்றில் ஓராண்டு பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் குறிப்பிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1890இல் தை 18 ஏறத்தாழ ஜனவரி 29. அன்று புதன்கிழமை. 1889இலும் தை 18 ஜனவரி 29 வாக்கில்தான், ஆனால் அது செவ்வாய். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால் கிழமையை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தைப்பூசம்தான் முடிவு கட்டுகிறது. 1889இல் தை மாதத்துப் பௌர்ணமி ஜனவரி 17. தை 18இல் ஏறியவருக்குப் பூசம் முன்பே முடிந்துபோயிருக்கும். 1890இல் பௌர்ணமி பிப்ரவரி 5 வாக்கில், அதாவது ஏறி ஒரு வாரம் கழித்து. கப்பலில் பூசம் கழிந்தது என்று எழுத அந்த ஆண்டில்தான் இடமுண்டு.

பினாங்கில் நின்று வரும் நீராவிக் கப்பலுக்கு ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை ஆகும். ஆகவே 1890 பிப்ரவரி 4 முதல் 12 வரை சிங்கப்பூருக்கு வந்த கப்பல்களைப் பாருங்கள்.

கேள்வி (அதே வாசகி): நன்றி ஐயா. அந்த நாட்களில் பெயரை எப்படி எழுதியிருப்பார்கள்? எத்தனை எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்ப்பது?

பதில்: பெயரை விட்டுவிடுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் போன்ற ஏடுகளின் கப்பல் பத்தியில் கேபின் பயணிகளுக்குத்தான் பெயர் போடுவார்கள். நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் டெக் பயணிகள். அவர்கள் ஓர் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள், பல நாட்களில் அதுவும் இராது. நம் முன்னோரைத் தேடும்போது ஆளை விட்டுவிட்டுக் கப்பலைத்தான் பின்தொடர வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பெயர் கிடைக்கவில்லை என்று மனம் தளர்ந்து தேடலையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேசிய நூலகத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் தேதியை வரையறுத்துக்கொண்டு, ஊர்ப் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டலில் இடுங்கள்: `Negapatam`. மங்கிய அச்சை இயந்திரம் படிக்கும்போது கடைசி `m` பல இடங்களில் `rn` ஆகிவிடும். எனவே `Negapatarn` என்றும் இட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த ஒன்பது நாட்களின் கப்பல் பத்தியைக் கண்ணால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கப்பல் ஒன்றுதான் என்றால் முடிந்தது. இரண்டு வந்திருந்தால், நாட்குறிப்பில் பினாங்கில் எத்தனை நாள் நின்றது, வழியில் என்ன ஏற்றினார்கள் என்பது போன்ற வரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு கப்பல்களின் பெயரையும் எழுதி வையுங்கள். பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி (கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தேக்கா): நாட்குறிப்பை வைத்து இவ்வளவு கணக்குப் போடுவானேன்? அச்சில் வந்த கப்பல் பட்டியல்தான் அசல். இரண்டும் முரண்பட்டால் பட்டியல் பக்கம் நிற்பதுதானே முறை?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. கப்பல் துறைமுகத்துக்குள் வந்த நாளுக்குப் பட்டியல்தான் வலுவான சான்று. ஆனால் மனிதர் கரை இறங்கிய நாள் வேறாக இருக்கலாம். காலரா, அம்மை என்றால் பயணிகளைச் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கித் தனிமைப்படுத்துவார்கள். அந்த நிலையம் 1874 முதல் இருந்தது. பட்டியலில் ஒரு தேதி, நாட்குறிப்பில் பல நாள் கழித்து ஒரு தேதி என்றால், முரண்பாடு என்று முடிவு கட்டும் முன் கப்பலுக்குத் தடுப்புக்காவல் விதித்த செய்தி அடுத்தடுத்த நாட்களில் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

புறப்பாட்டில் இன்னும் கவனம் தேவை. "இன்ன நாளில் புறப்படும்" என்று முகவர்கள் தந்த விளம்பரம் வேறு, "புறப்பட்டது" என்ற பத்தி வேறு. விளம்பர நாள் தள்ளிப்போவது எவ்வளவு சாதாரணம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி (பொங்கோல் வாசகர்): சிங்கப்பூர் சுங்கத்துறையின் 1880களின் பதிவேடுகளில் எங்கள் பாட்டனாரின் சரக்கு விவரம் கிடைக்குமா? அவர் துணி வியாபாரி. வீட்டுப் பெட்டியில் 1896 தேதியிட்ட நாகப்பட்டினம் சுங்க ரசீது ஒன்றும் இருக்கிறது. அந்த நாளில் அவர் நாகையில் இருந்தார் என்று எழுதிவிடலாமா?

பதில்: சிங்கப்பூர் தொடக்கத்திலிருந்தே தீர்வையில்லாத் துறைமுகம். துணிக்கு இங்கே இறக்குமதி வரி கிடையாது. வரி இல்லாத இடத்தில் வரி ரசீதும் இருக்காது. சுங்கச் சான்று தேட வேண்டியது மறுகரையில். அங்கும் ஓர் இடைவெளி உண்டு. இந்தியாவில் 1882இல் பொதுவான இறக்குமதி வரியை நீக்கிவிட்டார்கள், 1894இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சாதாரணச் சரக்கின் இறக்குமதி ரசீது கிடைக்கவில்லை என்றால், அவர் ஊருக்கு வரவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். உங்கள் 1896 ரசீது வரி திரும்பிய பிறகானது, காலத்துக்குப் பொருந்துகிறது.

ஆனால் அது சரக்கு விடுவிக்கப்பட்ட நாளைத்தான் சொல்கிறது. சரக்கை அவர் முன்கூட்டி அனுப்பியிருக்கலாம், பங்காளியோ கணக்குப்பிள்ளையோ பணம் கட்டி எடுத்திருக்கலாம். ரசீதின் பின்பக்கத்தையும் கையொப்பத்தையும் பாருங்கள். அவருடைய கையொப்பம் என்று வேறு பத்திரத்தோடு ஒப்பிட்டு உறுதியானால் அவர் நாகையில் இருந்தார் என்று எழுதலாம். இல்லையென்றால், "சரக்கு நாகையில், ஆள் எங்கே என்று தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதிவு.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): என் தாத்தா 1950களில் ரஜுலா கப்பலில் வந்தார். இந்த முறைப்படி அவருடைய குடியுரிமைப் பத்திரத்தில் உள்ள பிறந்த தேதியைத் திருத்த முடியுமா?

பதில்: திருத்த முடியுமா என்பதை அதற்குரிய அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் அம்மா. பயணத்தைப் பொறுத்தவரை உங்கள் வேலை எளிது. 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு வந்திருந்தால், அவருடைய பழைய கடவுச்சீட்டின் முத்திரைகளே ஆண்டுவாரியாகச் சொல்லிவிடும். அதை முதலில் தேடி எடுங்கள்.

கேள்வி (ஈசூன் வாசகி): இன்னொன்று மட்டும் ஐயா. 1890 முதல் ஆண்டுக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டு வருகிறேன். நந்தன வருஷத்துக்கு, அதாவது 1892-93க்கு, ஒரு குறிப்பும் இல்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று அம்மா சொல்கிறார். அப்படியே எழுதட்டுமா?

பதில்: வேண்டாம். கடைசியாக அவர் உறுதியாக இருந்த ஊரையும் நாளையும் ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்து உறுதியாகத் தென்படும் ஊரையும் நாளையும் மறுபக்கம் எழுதுங்கள். நடுவில் வெற்றிடமாக விடுங்கள். அம்மா சொன்னதை, அவர் சொன்னதாகவே தனி நிறத்தில் குறியுங்கள். முதல் பிள்ளை பிறந்த மாதம், ஊரில் நிலம் வாங்கிய பத்திரம், மொய் நோட்டு, இவற்றில் எது வீட்டில் இருக்கிறது? நிலப் பத்திரம் இருந்தால் அதில் அவர் நேரில் கையெழுத்திட்டாரா, வேறொருவர் அவருக்காக இட்டாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.