பெர்மிட்டில் எழுதியிருப்பதும் பூட்டில் தொங்குவதும்

கேள்வி: கொழும்பில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புத் தளத்தில் வேலைப் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருக்கிறேன். காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் ஒப்பந்தக்காரர்களிடமிருந்து, வேலை தொடங்க அனுமதி கேட்கும் இருபது பெர்மிட்டாவது வந்து குவிகிறது. வேலை வகை, துண்டிப்பு, ஒப்புதல் தந்தவர்கள், காலாவதி என்று நான்கு கட்டங்களில் சுருக்கி எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறார் தள முகாமையாளர். நான் படிவத்தில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதுகிறேன். அது போதுமா?

பதில்: போதாது. படிவத்தைப் பார்த்து எழுதினால் படிவத்தின் பிழையும் சுவருக்கு வந்துவிடும். ஒரே ஒரு பெர்மிட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கட்டடத்திலும் நிச்சயம் வரக்கூடிய வேலைதான் அது. இரண்டாம் நிலக்கீழ் தளத்தில் கழிவுநீர்த் தொட்டி, அதற்குள் அமிழ்ந்து ஓடும் இரண்டு பம்புகள், அவற்றில் பழுதான இரண்டாவது பம்பைக் கழற்றி மாற்ற வேண்டும்.

ஒப்பந்தக்காரர் தந்த படிவத்தில் ‘பொதுப் பராமரிப்பு’ என்ற கட்டத்தில் சரி போடப்பட்டிருக்கிறது. துண்டிப்பு என்ற இடத்தில் ‘பம்ப் 2 பிரேக்கர் ஓஃப்’ என்று ஒரு வரி. கீழே நான்கு கையெழுத்துகள். செல்லுபடியாகும் நேரம் காலை 8.00 முதல் மாலை 5.00 வரை. இதைப் பார்த்து எழுதினால் ஒரு நிமிடத்தில் அழகான நான்கு கட்டங்கள் கிடைக்கும். நான்கும் தவறாக இருக்கும்.

வேலை வகையை நான் ஒருபோதும் சரி போட்ட கட்டத்திலிருந்து எடுப்பதில்லை. வேலை விவரமும் கொண்டுவரும் கருவிகளின் பட்டியலும்தான் உண்மையைச் சொல்லும். இந்தப் படிவத்தின் விவரத்தில் ‘அடித்தளப் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் வெட்டி எடுத்தல்’ என்று இருக்கிறது. கருவிப் பட்டியலில் கிரைண்டரும் ஏணியும் இருக்கின்றன. ஏணி என்றால் ஆள் தொட்டிக்குள் இறங்குகிறார். கிரைண்டர் என்றால் தீப்பொறி. ஆகவே உங்கள் தாளில் போக வேண்டியது ‘மூடிய இடத்துக்குள் இறங்குதல், தீப்பொறி வேலை, மின்வேலை’. பொதுப் பராமரிப்பு என்று சரி போட்டவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் சரி போட்டால் இணைப்புப் படிவம் நிரப்பத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது துண்டிப்பு. உங்கள் தாளில் அதிக இடம் இதற்கே தர வேண்டும். தொட்டியின் வாயில் நின்று, ‘உள்ளே நிற்பவரை எது வந்து தாக்கலாம்?’ என்று நான்கு பக்கமும் பாருங்கள். இரண்டாவது பம்பின் மின்சாரம் ஒன்று. முதலாவது பம்பும் அதே தொட்டியில்தான் இருக்கிறது. நீர்மட்டம் ஏறினால் மிதவை சுவிட்ச் அதைத் தானாக இயக்கிவிடும், 400 வோல்ட் கேபிள் ஆளின் காலடியில் கிடக்கும். எனவே அதையும் பூட்ட வேண்டும். மேலே போகும் குழாயில் நிற்கும் நீர் மூன்றாவது. குழாயைக் கழற்றியதும் அது முழுவதும் திரும்பி இறங்கும். அங்கே பின்வாங்காத வால்வு இருக்கிறது என்பார்கள். அந்த வால்வு நீர் திரும்பாமல் இருக்க உதவுமே தவிர, ஆள் நிற்கும்போது நம்பக்கூடிய துண்டிப்பு அல்ல. அதற்கு மேலுள்ள வால்வைக் கையால் மூடி, சங்கிலியிட்டுப் பூட்டி, குழாயில் மிஞ்சிய நீரை வடிக்க வேண்டும். நான்காவது, வீடுகளிலிருந்து தொட்டிக்குள் வந்துகொண்டே இருக்கும் கழிவுநீர். கழிவுநீர் வரும் நுழைவுக் கதவை அடைத்து, வருவதைப் பவுசர் கொண்டு வேறு குழியிலிருந்து உறிஞ்ச வேண்டும். படிவத்தில் ஒன்று, தொட்டியில் நான்கு.

பிரேக்கர் எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு பொறி உண்டு. மின்வெட்டு வந்தால் தானாக இயங்கும் மின்பிறப்பாக்கி இருக்கும் கட்டடத்தில், மின்பிறப்பாக்கிக்கு மாற்றிவிடும் மாற்றுச் சுவிட்சுக்கு மேலே பிரதான மின்சாரத்தைத் துண்டித்தால் மின்பிறப்பாக்கி அதை மின்வெட்டு என்று நினைத்துச் சில விநாடிகளில் அதே கேபிளுக்கு மின்சாரம் தந்துவிடும். பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை செய்த ஒரு தளத்தில் இப்படித்தான் நடந்தது. என் தாளில் ‘மின் துண்டிப்பு: ஆம்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். பம்ப் ஓடத் தொடங்கியபோது தொட்டிக்குள் யாரும் இல்லை, தேநீர் நேரம் என்பதால். அன்றிலிருந்து ‘ஆம்’ என்ற சொல்லைத் துண்டிப்புக் கட்டத்தில் எழுதுவதில்லை. பம்புக்கே உரிய பிரேக்கர், மாற்றுச் சுவிட்சுக்குக் கீழே, எந்தப் பேனல், பேனலில் ஒட்டிய பெயர் என்ன என்று எழுதுகிறேன். அந்தப் பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ மொழிபெயர்க்காதீர்கள். ஒட்டியிருப்பதை எழுத்துக்கு எழுத்து எழுதினால்தான் வேறொருவர் போய் ஒப்பிட முடியும்.

ஒவ்வொரு துண்டிப்பும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கிறது. படிவத்தில் எழுதப்பட்டது, உண்மையில் பூட்டப்பட்டது, மின்சாரமோ நீரோ இல்லை என்று சோதித்து நிறுவப்பட்டது. தாளில் மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். பூட்டப்பட்டதற்குப் பூட்டு எண்ணும் நேரமும், சோதித்ததற்குச் சோதித்தவரின் பதவியும் நேரமும். மின்சாரத்தைச் சோதிப்பது என்றால், சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் தொட்டு, பிறகு துண்டித்த கேபிளில் தொட்டு, மீண்டும் முதல் இடத்தில் தொட்டுப் பார்ப்பது. கடைசித் தொடுதலை விட்டுவிட்டால், இடையில் கருவியே செத்துப்போயிருக்கலாம். நீங்கள் அறியாத நேரத்தை ஊகித்து எழுத வேண்டாம், வெற்றுக் கட்டமாகவே விடுங்கள். சுவரில் தெரியும் வெற்றுக் கட்டம்தான் யாரையாவது நடக்க வைக்கும்.

இன்னொரு வேலை, இது பெரும்பாலும் தவறும். தாளை ஒப்பந்தக்காரர் வாரியாக மட்டும் அடுக்காமல், துண்டிப்புப் புள்ளி வாரியாகவும் ஒருமுறை பாருங்கள். அதே பேனலில் பிற்பகல் வேறொரு மின் ஒப்பந்தக்காரர் பெர்மிட் வைத்திருந்தால், தன் வேலை முடிந்ததும் பொதுப் பூட்டைக் கழற்றிவிடுவார். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் அல்ஃபா எண்ணெய்த் தளத்தில் 167 பேர் இறந்த விபத்தின் தொடக்கத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்தது. ஒரு பம்பைப் பராமரிக்க ஒரு பெர்மிட், அதே பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்ற இன்னொரு பெர்மிட். இரவு முறையினருக்கு முதல் பெர்மிட் தெரிந்திருந்தது, வால்வு கழற்றப்பட்டிருந்தது தெரியாது. மற்றப் பம்ப் நின்றதும் இதை இயக்கினார்கள். இரண்டு தாள்களும் ஒன்றையொன்று சுட்டவில்லை. உங்கள் தாளில் ‘இதே புள்ளியில் வேறு பெர்மிட்’ என்று ஒரு சிறு கட்டம் சேர்த்தால் போதும்.

ஒப்புதல் கட்டத்தில் பெயரைவிட நேரம் பெரிது. இந்தப் படிவத்தில் விண்ணப்பித்த மேற்பார்வையாளர் 7.30, பெர்மிட்டை வழங்கியவர் 7.50, வாயுச் சோதனை 8.05, மின்னிணைப்பாளர் பூட்டியது 8.35. படித்ததுமே தெரிகிறது, பூட்டுவதற்கும் வாயு பார்ப்பதற்கும் முன்பே வழங்கியவர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் எதைப் பார்த்துக் கையெழுத்திட்டார்? துண்டிப்பும் சோதனையும் முடிந்த பிறகே வழங்குபவரின் கையெழுத்து வர வேண்டும். ஆகவே நேரங்களை ஏறுவரிசையில் எழுதிப் பாருங்கள், வழங்கியவர் கடைசியில் வராவிட்டால் பெர்மிட் திரும்பிப் போக வேண்டும். விண்ணப்பித்தவரே வழங்கியவராகவும் இருந்தால் நேரம் பார்க்கவே வேண்டியதில்லை, நிறுத்தி வையுங்கள்.

வாயுச் சோதனையில் ‘சரி’ என்று எழுதியிருந்தால் எண்களைக் கேளுங்கள். ஒட்சிசன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரியும் வாயு, வெடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவான கீழ் வெடிப்பெல்லையின் 10 சதவீதத்துக்குக் கீழே, ஐதரசன் சல்பைட்டு பல தளங்களில் வைத்திருக்கும் 10 பிபிஎம் வரம்புக்குக் கீழே. கழிவுநீர்த் தொட்டியில் கடைசியானதுதான் கொலைகாரன். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், சேற்றைக் கிளறினால் புதிதாக எழும். 100 பிபிஎம் அளவில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், அப்போது அழுகிய முட்டை வாசனை தெரியாது. எனவே 8.05க்கு மூடியைத் திறந்து மேலிருந்து எடுத்த ஓர் அளவு, சேறு கிளறிய பத்து மணிக்கு எதையும் சொல்லாது. மேல், நடு, அடி என மூன்று உயரங்களிலும் எடுத்ததா, உள்ளே போகும்போது கருவி கூடவே போகிறதா என்பதையும் தாளில் எழுதுங்கள்.

இனிக் காலாவதி. படிவத்தில் மாலை 5.00 என்று இருக்கிறது. ஆனால் கட்டட முகாமையாளரைக் கேட்டபோது, நுழைவுக் கதவை 9.00 முதல் 12.00 வரைதான் அடைத்து வைக்க முடியும் என்கிறார். பவுசர் அதற்கு மேல் இல்லை. பூட்டிய மின்னிணைப்பாளரின் வேலை நேரம் 4.00 மணியோடு முடிகிறது. வாயுச் சோதனை ஓய்வு இடைவேளை முடிந்து மீண்டும் இறங்கும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரே பெர்மிட்டில் இத்தனை கடிகாரங்கள். தாளில் போக வேண்டியது மிக முந்தியது, அதாவது இறங்குவதற்கு 12.00. அதன் பக்கத்தில் பெர்மிட்டை மூடும் நேரம் தனியாக வர வேண்டும். தீப்பொறி வேலை முடிந்த பிறகு தீக்காவல் நிற்க வேண்டிய நேரத்தை அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 51பி 2019 பதிப்பில் அரை மணியிலிருந்து ஒரு மணியாக உயர்த்தியது. உங்கள் தளம் அதைப் பின்பற்றினால், 11.40க்கு வெட்டி முடித்தவர்களின் பெர்மிட்டை 12.40க்கு முன் மூடக் கூடாது. ஆட்கள் 12.00க்கு வெளியே வந்துவிடலாம், காவலாள் வெளியே வாயில் அருகே நிற்க வேண்டும்.

திருப்பி அனுப்பி, திருத்தி வந்த பிறகு உங்கள் தாளில் இப்படி இருக்கும்:

“வேலை: பம்ப் 2 மாற்றம்; மூடிய இடம், தீப்பொறி, மின். துண்டிப்பு: பம்ப் 1, பம்ப் 2 பிரேக்கர்கள் (பூட்டு 14, 15, 8.35, மின்சாரம் இல்லை 8.45), ஏறு குழாய் வால்வு (சங்கிலி, பூட்டு 16, 9.05, வடித்தாயிற்று), நுழைவுக் கதவு (பூட்டு 17, 9.10). இதே புள்ளியில் வேறு பெர்மிட்: மின் பேனல், பிற்பகல் 2.00. வாயு: 9.20, மூன்று உயரம், எண்கள் இணைப்பில். ஒப்புதல்: மின்னிணைப்பாளர் 8.45, வாயுச் சோதகர் 9.20, வழங்கியவர் 9.30. இறங்க அனுமதி 12.00 வரை, மூடுதல் தீக்காவலுக்குப் பின்.”

இதை எழுத எனக்குப் பத்து நிமிடம் எடுக்கும், நேரில் போய்ப் பூட்டைப் பார்ப்பதற்கு இன்னும் பத்து. இருபது பெர்மிட்டுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. சுவருக்கு வண்ணம் பூசும் பெர்மிட்டை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். மூடிய இடம், தீப்பொறி, 400 வோல்ட், கிரேன் என்று வந்தவற்றுக்கு மட்டும் நடங்கள். தாளின் மேல் மூலையில் நீங்கள் எழுதிய நேரத்தையும் போடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு அதைக் கிழித்துப் புதியதை ஒட்டுங்கள், ஏனென்றால் 9.10க்குப் பூட்டிய 17ஆம் பூட்டு 12.05க்குக் கழற்றப்பட்டிருக்கும்.