பழைய குர்தாவா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. செலவைக் குறைக்க, பிறர் உடுத்திய காட்டன் குர்தாக்கள் மூன்று வாங்கினேன். ஒன்று இரண்டாவது துவையலிலேயே அக்குளில் கிழிந்துவிட்டது. மற்ற இரண்டும் என்னிடம் இருக்கும் பேன்ட், துப்பட்டா எதோடும் சேரவில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: கிழிந்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். நூல் மட்டும் விட்டிருந்தால் தையல்காரர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். தையலை ஒட்டித் துணியே இற்றுப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். வியர்வை பட்டுப் பட்டு இழை நைந்த இடத்தில் அடுத்த தையலும் நிற்காது.

அதனால் கடையில் நான் முதலில் பார்ப்பது உள்பக்கத்தைத்தான். அக்குளையும் உட்காரும் இடத்தையும் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். மற்ற இடங்களைவிட அங்கே வெளிச்சம் அதிகம் ஊடுருவினால், விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிடுவேன். பிறகு பக்கத் தையலின் இரு புறமும் பிடித்து மெல்ல இழுங்கள். நடுவில் நூல் ஏணிப்படி போலத் தெரிந்தால் அது உழைக்காது. அங்குலத்துக்கு 10, 12 தையல் விழுந்திருந்தால் நல்ல வேலை. 6, 7 என்றால் அவசரத்தில் அடித்தது. தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ரெடிமேடில் பெரும்பாலும் ஓவர்லாக்கை ஒட்டி வெட்டியிருப்பார்கள், பிரித்துவிட இடமிருக்காது. தையல்காரர் தைத்தது என்றால் தாராளமாக இருக்கும். யாரோ ஒருவர் பின்னால் உடம்பு போடுமே என்று விட்டுவைத்த துணி, உங்களுக்கு லாபம்!

அளவில் தோள் மட்டும் சரியாக இருக்க வேண்டும். மற்றதைத் திருத்திக்கொள்ளலாம். நான் வாங்கிய அவுரி நீலக் கைத்தறிக் குர்தா ஒன்றில் தோள் கச்சிதம், மார்புச் சுற்றளவு 3 அங்குலம் அதிகம், நீளம் 4 அங்குலம் அதிகம். இரண்டு பக்கத் தையலையும் முக்கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்ததில், முன்துணியிலும் பின்துணியிலுமாகச் சேர்ந்து அந்த 3 அங்குலம் சரியானது. கீழே வெட்டிய பட்டையை, என்னிடம் இருந்த சந்தன நிறப் பேன்ட்டின் கால் ஓரத்தில் வைத்துத் தைக்கச் சொன்னேன். சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒரே செட்டாகிவிட்டன.

அதில் ஒரு தப்பும் செய்தேன். துவைக்காமலே பட்டையைத் தைத்ததால், முதல் துவையலில் சாயம் இறங்கிப் பேன்ட்டின் முழங்கால் வரை நீலம். நீங்கள் வாங்கிய துணியை முதலில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால், அது நிற்கும்வரை தனியாகத் துவைத்த பிறகே மற்றத் துணியோடு சேருங்கள்.

உங்கள் இரண்டு குர்தாக்கள் சேராததற்குக் காரணம் நிறமாக மட்டும் இருக்காது என்று தோன்றுகிறது. பல துவையல் கண்ட காட்டனுக்குக் கீழே பளபளக்கும் புது லெக்கிங்ஸ் போட்டால், மேலே இருப்பது அழுக்குப் போலத் தெரியும். மங்கலான காட்டன் பேன்ட்டோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்படியும் ஒட்டவில்லையென்றால் பட்டன்களை மாற்றி, துப்பட்டாவின் நிறத்தில் கழுத்துக்கு மெல்லிய பைப்பிங் வைக்கச் சொல்லுங்கள்.