குழந்தைகளின் சிந்தனை வட்டமும் நம் முகமும்

"எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து எது சரி, எது தப்பு என்று பேசுகிறோம். எப்படியோ கடைசியில் என் கருத்துக்கே வந்து நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?"

நீங்கள் நீதிக்கதையில்தான் தொடங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மனுநீதிச் சோழன் கதையில் தீர்ப்பு உள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்களே தவிர, யோசிக்க மாட்டார்கள். முடிவைச் சொல்லாமல் பாதியில் நிற்கும் கதை வேண்டும். உதாரணமாக: வகுப்பிலிருந்த உலக உருண்டையைக் கவின் உடைத்துவிட்டான். மீனா பார்த்தாள், யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள். யாரும் ஒப்புக்கொள்ளாததால் மொத்த வகுப்புக்கும் விளையாட்டுப் பீரியட் ரத்து. இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பன்னிரண்டு பிள்ளைகள், முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். இரண்டிரண்டு பேராகக் கேள்வி உருவாக்கப் பத்து நிமிடம். எதைப் பேசுவது என்று கண்ணை மூடிக் கைதூக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வகுப்புத் தலைவன் தூக்கும் பக்கம்தான் எல்லாக் கையும் போகும்.

தப்பு நடக்கும் இடம் அடுத்து வருகிறது. "சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணிட்டா" என்கிறாள் ஒருத்தி. "மத்த பசங்க பாவம் இல்லையா?" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை, உங்கள் தீர்ப்பு. அவள் சொன்ன காரணத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: "சத்தியம் பண்ணலேன்னா, அப்ப சொல்லலாமா?" "சொல்லணும், எல்லாருக்கும் பீரியட் போச்சே" என்பவனிடமும் அதே மாதிரி: "பீரியட் போகலேன்னா?" பதில் மாறினால் அதுதான் அவனுடைய உண்மையான காரணம். மாறாவிட்டால் அடியில் வேறொன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பதிலையும் இதே அளவு குடைய வேண்டும். நம்மில் பலர் பிடிக்காத பதிலுக்குத்தான் "ஏன்?" கேட்கிறோம், பிடித்ததற்கு "சபாஷ்". ஒரு தாளில் இரு பக்கமும் கேட்ட "ஏன்"களுக்குக் கோடு போட்டு வாருங்கள், தெரிந்துவிடும். பேசி முடித்ததும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? அப்படியென்றால் ஏதோ தலையாட்டியிருக்கிறீர்கள். பார்வையைத் தாழ்த்தி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் இன்னொரு பிள்ளை பேசும்.

"அப்போ எல்லாமே சரின்னு சொல்லித் தரச் சொல்றீங்களா?" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது கேட்பீர்கள். இல்லை. முடிவைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன், காரணத்தை அல்ல. வட்டத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் சாதியையோ உடம்பையோ இழுத்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே நடுநிலை வேண்டாம்.

கடைசி ஐந்து நிமிடம் ஆளுக்கு ஒரு வாக்கியம்: "முதல்ல இப்படி நினைச்சேன், இப்ப..." விருப்பமில்லாதவர் 'பாஸ்' சொல்லலாம். நீங்கள் தொகுத்துச் சொல்லாதீர்கள். உங்கள் பள்ளியில் 'இன்றைய நீதி' என்று கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். எழுதியே ஆக வேண்டும் என்றால், பிள்ளைகள் கேட்ட கேள்வியை எழுதிவிடுங்கள்.