எடையை ஏன் தூக்கியெறிந்தார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஆய்வேட்டுக்காக ரத்த அழுத்தம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 100 பேர், 23 மாறிகள். படிப்படியாக மாறிகளைச் சேர்த்தும் நீக்கியும் பொறுக்கும் ஸ்டெப்வைஸ் ரெக்ரஷன் செய்து கடைசியில் நான்கு மாறிகளை மட்டும் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு இருக்கிறது, உடல் எடை இல்லை. எடைக்கு ரத்த அழுத்தத்தில் தனித்த பங்கு இல்லை என்று முடிவுரை சொல்கிறது. மாறிகள் தங்களுக்குள் பின்னிக்கிடக்கும் மல்டிகொலினியாரிட்டி இருக்கிறதா என்று சோதித்தாயிற்று, அதை அளக்கும் வி.ஐ.எஃப் எல்லாம் 10-க்குக் கீழே என்றும் எழுதியிருக்கிறார்கள். புள்ளியியல் படித்த நண்பனிடம் காட்டினேன். "ஸ்டெப்வைஸா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். எதற்குச் சிரித்தான்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சிரித்ததோடு நிறுத்தாமல் ஒரு சின்னக் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கலாம். நான் போடுகிறேன். கட்டுரையின் எண்கள் என்னிடம் இல்லை, ஆகவே இவை என் கற்பனை எண்கள்.

இடுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, 0.50 என்று வையுங்கள். எடைக்கும் அழுத்தத்துக்கும் 0.48. இடுப்புக்கும் எடைக்கும் இடையே 0.90. மூன்று எண்கள் போதும், இரண்டு மாறிகளும் உள்ள ரெக்ரஷனைக் கையாலேயே செய்துவிடலாம். எல்லா மாறிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின் இடுப்பின் கெழு, அதாவது எடை மாறாதபோது இடுப்புக்கு உள்ள பங்கு, இது:

```
b1 = (r1 - r12*r2) / (1 - r12^2)
   = (0.50 - 0.90*0.48) / 0.19
   = 0.36
```

இதே முறையில் எடைக்கு 0.16 வரும். 100 பேருக்கு இரண்டின் திட்டப்பிழையும், அதாவது தற்செயலால் கெழு ஆடக்கூடிய அளவும், சுமார் 0.20. இடுப்பின் கெழு அதன் திட்டப்பிழையைப்போல் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை, எடையோ ஒரு மடங்கைக்கூட எட்டவில்லை. வழக்கமான 5 சதவீத அளவுகோலில் தேற ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும், ஆகவே இரண்டுமே தேறாது. ஆனால் இரண்டும் சேர்ந்து அழுத்தத்தின் மாறுபாட்டில் கால்பங்கை விளக்குகின்றன, மொத்த மாடலும் தேறுகிறதா என்று சொல்லும் எஃப் மதிப்பு 16-க்கு மேல், தாராளமாகத் தேறும். தனித்தனியாக ஒன்றுமில்லை, சேர்ந்தால் பலமாக இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர்கள் நிரலில் பிழை என்றே நினைப்பார்கள்.

பிழை எதுவும் இல்லை. இந்த 100 பேரில் இடுப்பு பெருத்தவர்கள் அநேகமாக எடையும் கூடியவர்கள். ஒன்று கூடி மற்றது கூடாதவர்கள் மிகச் சிலர்தான், இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தச் சிலரை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. "இரண்டில் ஏதோ ஒன்று அல்லது இரண்டும். எது என்று இந்தத் தரவால் சொல்ல முடியாது" என்பதைத்தான் அந்த அகலமான திட்டப்பிழை சொல்கிறது. மல்டிகொலினியாரிட்டி ஒரு நோய் என்று பாடப்புத்தகங்கள் பயமுறுத்துகின்றன. எனக்கு அது தரவு தன் அறியாமையை நேர்மையாக ஒப்புக்கொள்வதாகவே தோன்றுகிறது.

இப்போது ஸ்டெப்வைஸ் உள்ளே வருகிறது. முதல் படியில் அழுத்தத்தோடு அதிக ஒட்டுறவு உள்ள மாறியை எடுக்கும். 0.50 பெரிதா, 0.48 பெரிதா? இடுப்பு உள்ளே போய்விட்டது. அடுத்த படியில் எடை புதிதாகச் சேர்ப்பது அற்பம், கதவு சாத்தப்படுகிறது. இனி இடுப்பின் கெழு 0.36 அல்ல, 0.50. எடையின் பங்கையும் சேர்த்து விழுங்கியாயிற்று. திட்டப்பிழை 0.20-இலிருந்து 0.09-க்குச் சுருங்கிவிட்டது. சற்றுமுன் தேறாத மாறி இப்போது திட்டப்பிழையைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேலே நிற்கிறது. இதற்காக ஒரு ஆளைக்கூடப் புதிதாக அளக்கவில்லை!

வேறு 100 பேரை அளந்திருந்தால்? 0.50-க்கும் 0.48-க்கும் இடையிலான இடைவெளி வெறும் 0.02. இந்த மாதிரியான தரவில் அந்த இடைவெளியின் திட்டப்பிழை சுமார் 0.04. உண்மையிலேயே இடுப்பு 0.02 முன்னால் இருந்தாலும், பத்தில் மூன்று முறை எடைதான் முந்தும். அப்போது எழுதப்படும் கட்டுரையில் எடை நாயகன், இடுப்புக்குத் தனித்த பங்கு இல்லை. இரண்டும் அச்சில் வரும், மூன்றாவதாக ஒருவர் "முரண்பட்ட முடிவுகள்" என்று விமர்சனக் கட்டுரை எழுதுவார். இரண்டையும் உள்ளே வைத்தாலும் ஆட்டம் உண்டு. ஒட்டுறவுகள் 0.53, 0.46 என்று வந்துவிட்டால் எடையின் கெழு எதிர்மறையாகும். எடை கூடினால் அழுத்தம் குறையும் என்று அதற்கொரு உடலியல் விளக்கத்தையும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

வி.ஐ.எஃப் பற்றி. என் கணக்கில் அது 1/0.19, அதாவது 5.3. பத்துக்குக் கீழேதான், ஆனால் திட்டப்பிழை 2.3 மடங்கு வீங்கியிருக்கிறது. 10 என்பது வழக்கத்தில் வந்துவிட்ட எல்லை, அதற்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று எந்தத் தேற்றமும் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், எந்த மாடலில் சோதித்தார்கள் என்பது. கடைசி நான்கு மாறிகளில் என்றால், இரட்டையரில் ஒருவரை வெளியே தள்ளிவிட்டு வீட்டில் சண்டையே இல்லை என்பதுபோலத்தான்.

இதுவரை சொன்னதில் உண்மையான தொடர்பாவது இருந்தது. 23-இலிருந்து நான்கைப் பொறுக்குவதில் இன்னொரு வம்பு இருக்கிறது. 1983-இல் டேவிட் ஃப்ரீட்மன் என்ற புள்ளியியலாளர் முழுக்க முழுக்கத் தற்செயல் எண்களை மட்டுமே வைத்து ஒரு சோதனை செய்தார். 100 வரிசை, 50 விளக்க மாறிகள், ஒரு விளைவு மாறி, எல்லாமே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சீரற்ற எண்கள். முதல் ரெக்ரஷனில் ஒரே ஒரு மாறிதான் 5 சதவீத அளவில் தேறியது. பிறகு, தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பி-மதிப்பு 0.25-க்குக் கீழே உள்ள 15 மாறிகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினார். ஆறு தேறின. மொத்த மாடலின் பி-மதிப்பு 0.0005. இது ஸ்டெப்வைஸ்கூட இல்லை, ஒரே ஒரு முறை சலித்தது. பி-மதிப்பைக் கணிக்கும் சூத்திரத்துக்கு, இந்தப் 15 பேரும் 50 பேரில் பொறுக்கப்பட்டவர்கள் என்பது தெரியாது, முன்கூட்டியே முடிவானவர்கள் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. நீங்களே ஆர் மொழியில் ஓட்டிப் பார்க்கலாம்:

```r
d <- as.data.frame(matrix(rnorm(100*51), 100))
p <- summary(lm(V51 ~ ., d))$coefficients[-1, 4]
keep <- names(p)[p < 0.25]
summary(lm(reformulate(keep, "V51"), d))
```

பத்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாறிகள் தேறியதைக் காட்டும் நட்சத்திரக் குறியோடு வந்து நிற்கும். நான் இதைத் தாமதமாகத்தான் ஓட்டினேன். அதற்கு முன்பே ஓர் அலுவலக அறிக்கையில் ஸ்டெப்வைஸ் பொறுக்கிய ஐந்து காரணிகளுக்குப் பக்கம் பக்கமாக வியாக்கியானம் எழுதியிருந்தேன். அடுத்த ஆண்டுத் தரவில் அவற்றில் ஒன்றுதான் மிஞ்சியது.

"நாங்கள் பி-மதிப்பைப் பார்க்கவில்லை, மாடல்களை ஒப்பிடும் ஏ.ஐ.சி என்ற அளவைத்தான் பார்த்தோம்" என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஒரு மாறியைச் சேர்ப்பதா விடுவதா என்ற இடத்தில் ஏ.ஐ.சி என்பது பி-மதிப்பு 0.157-க்குக் கீழே இருந்தால் சேர் என்பதுதான். அதே சல்லடை, கண் கொஞ்சம் பெரிது.

இதே வகை ஆட்களின் அழுத்தத்தைக் கணிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இடுப்பா எடையா என்பது பெரிய விஷயமில்லை, எதை வைத்தாலும் கணிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எது காரணம், எது இல்லை என்று பேச ஆரம்பிக்கும்போதுதான் தகராறு. உங்கள் கட்டுரை அதைத்தான் செய்கிறது. உடல் பருமனுக்கும் அழுத்தத்துக்கும் இந்த 100 பேரிடம் தொடர்பு தெரிந்தது என்ற அளவில் மேற்கோள் காட்டுங்கள், அந்தக் கெழுவும் பி-மதிப்பும் பொறுக்கி எடுத்தவை என்று கூடவே ஒரு வரி எழுதுங்கள். எடை பற்றிய முடிவை எடுத்தாளாதீர்கள். பின்னிணைப்பில் ஒட்டுறவு அட்டவணை இருந்தால் அனுப்புங்கள். 23 வரிசையும் வேண்டாம், இடுப்பு, எடை, அழுத்தம், இந்த மூன்றுக்கும் இடையே உள்ள மூன்று எண்கள் போதும்.